இரண்டு பஸ் மாறி

மார்ச் 3, செவ்வாய்

மருந்துக் கடைக்காரர் இந்த டைரியைக் கொடுத்து ரெண்டு மாதமாகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று சின்னது சிரித்தாள். சின்னது என்றால் என் மகள். கூரியர் ஆபீசில் கணினியில் டைப் அடிக்கிறாள், அந்தத் திமிர். சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு எத்தனை, தலையணை உறை எத்தனை என்று பதினாறு வருடமாக நான்தான் எழுதுகிறேன், இதையும் எழுதிவிட்டுப் போகிறேன் என்றேன்.

இன்று ஆஸ்பத்திரியில் புது நர்ஸ் ஒருத்தி இரத்தக் கறை விரிப்பையும் சாதாரண விரிப்பையும் ஒரே மூட்டையில் போட்டு அனுப்பியிருந்தாள். "ஏம்மா, கல்யாணம் ஆனா மாமியாரையும் புருஷனையும் இப்படித்தான் ஒண்ணாப் போட்டுத் துவைப்பியா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிவந்து போய்விட்டாள். எங்கள் சூப்பர்வைசர் சுருட்டை (முடி அப்படி) சிரித்து இருமி, தண்ணீர் குடிக்க ஓடினான்.

வாய் என்று ஒன்று இருப்பதால்தான் அந்தக் கூடத்தின் சூட்டில் என்னால் நிற்க முடிகிறது.

மகன் விஷயம். பெரியவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். போன வருடம் எனக்குக் கண்ணாடி போடக் கூட்டிப் போனான். கடையில் கண் பார்த்த பெண் எழுத்துப் பலகையைக் காட்டி "கடைசி வரி தெரியுதாம்மா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, பின்னால் நின்ற இவனுக்கும் தெரியவில்லை. இவன் பார்த்தது பலகையை இல்லை. "தம்பிக்கும் ஒரு கண்ணாடி போடும்மா, அவனுக்கு உன்னைத் தவிர ஒண்ணும் தெரியலை" என்று நான்தான் சொன்னேன். அப்படி ஆரம்பித்தது. இப்போது அவள் என்னை அத்தை என்கிறாள். நான் அவளைக் கண்ணாடி என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறோம்.

மார்ச் 8, ஞாயிறு

போய் வந்தாயிற்று. நான், வீட்டுக்காரர், பெரியவன், என் நாத்தனார். அவர் வீட்டுக்காரருக்கு அக்கா, இதற்கெல்லாம் அவர் இல்லாமல் முடியாது.

ரெண்டு அறை வீடு. துடைத்த தரை. நாற்காலி நாலு, அதில் ஒன்று பக்கத்து வீட்டில் வாங்கியது என்று அதன் நிறமே சொன்னது. அவள் அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், சொந்த வேன். வாசலில் நின்றது. முன் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் மகள் பெயர். பின்னால் "மெதுவா வாங்க, உள்ளே பிள்ளைங்க". எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. சிரிக்கத் தெரிந்தவர். அவள் அம்மா மட்டும் பேசவில்லை, நாங்கள் பேசுவதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாத்தனார் வழக்கமானதைச் சொன்னார்: "நாங்க எதுவும் கேட்கலைங்க. உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதைப் போடுங்க." வேன்காரர் தலையாட்டினார். எல்லோரும் கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இறுக்கம் எனக்குப் பொறுக்காது. கிளம்பும்போது வாசலில் வேனைத் தட்டி, "பொண்ணு நடந்தே வரட்டும். இதை மட்டும் கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்திடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேன்காரர்தான் அதிகம் சிரித்தார். "நிறுத்திட்டாப் போச்சுங்க" என்றார்.

நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் நாத்தனார் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நல்லாக் கேட்டே. நாசூக்கா. எனக்குக் கூட வந்திருக்காது."

மார்ச் 9, திங்கள்

நான் எங்கே கேட்டேன்?

மார்ச் 14, சனி

சின்னதைப் பார்க்க வந்தார்கள். தரகர் கூட்டி வந்த இடம். பையன் அரசாங்க ஆபீசில் எழுத்தர், நல்ல முகம், தரையையே பார்த்தான். அவன் அம்மாதான் பேசினார். அவர்களும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் டீ குடித்து முடித்ததும், "தம்பிக்கு ஆபீஸ் தூரம். ரெண்டு பஸ் மாறிப் போறான். பாவம், சட்டையெல்லாம் கசங்கிப் போகுது" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் வேறு பேச்சு. அவரின் மூத்த மருமகள் ஐம்பது பவுனோடு வந்தாளாம். அதுவும் தகவலாக.

அவர்கள் போனதும் நாத்தனார் விரல் மடக்கினார். ஐம்பதுக்குக் குறைந்தால் சின்னது அந்த வீட்டில் இரண்டாவது மருமகள் இல்லை, இரண்டாம் தர மருமகள். அப்புறம் பைக். மண்டபம் பெண் வீட்டுப் பொறுப்பு. வீட்டுக்காரர் பம்ப் ரிப்பேர் செய்கிறவர், பேச்சுக் குறைவு. தாளில் எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். ஆஸ்பத்திரி வரவேற்பில் வரதட்சணை கேட்பது குற்றம் என்று பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லையோ? பஸ் என்கிறார்கள், சட்டை கசங்குது என்கிறார்கள்.

நாத்தனார் ஒரு வழி சொன்னார். "பெரியவனுக்கு வர்றது இவளுக்குப் போகட்டும். லவ்வுன்னு சொல்லி அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க ஓசியில மாப்பிள்ளை பிடிக்கக் கூடாதில்ல?"

உண்மையை எழுதுவதானால், அந்த நேரம் என் மனசு ஒரு கூட்டல் போட்டது. உடனே அழித்தேன். ஆனாலும் போட்டதே.

நாத்தனாரைக் கெட்டவர் என்று எழுதினால் பாவம். அவர் கல்யாணத்தில் பீரோ தரவில்லை. அவருடைய மாமியார் பதினோரு வருடம் யார் வந்தாலும் அறையின் காலி மூலையைக் காட்டி, "இது மருமக கொண்டு வந்த பீரோ" என்பாராம். அந்த மூலை இன்னும் அவருக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

பெரியவன் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான். அது அடிக்கவில்லை. நாலு நாளாகிறது. என்னடா என்றால் "அவளுக்கு வேலை அதிகம்" என்கிறான். கண்ணாடிக் கடையில் என்ன வேலை அதிகம்? ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் பார்வை மங்கிவிட்டதா? கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

பொறுக்க முடியாமல் கடைக்குப் போனேன். கண்ணாடியின் திருகாணி லூசாகிவிட்டது என்று ஒரு சாக்கு. அது நிஜமாகவே லூசாகட்டும் என்று பஸ்ஸிலேயே நகத்தால் திருகி வைத்தேன்.

அவள் வாங்கினாள். சின்னத் திருப்புளியால் முடுக்கினாள், துணியால் துடைத்தாள், என் காதில் மாட்டிச் சரி பார்த்தாள். கை மென்மையாகத்தான் இருந்தது.

"சரியா இருக்கா மேடம்?" என்றாள்.

மேடம்.

எவ்வளவு என்றேன். இதற்குப் பணம் கிடையாது என்றாள். எனக்குக் கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கு. வெளியே வந்து கண்ணாடியைக் கழட்டி, பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஏன் கழட்டினேன்?

மார்ச் 23, திங்கள்

காலை ஆஸ்பத்திரி வாசலில் அந்த வேன் போயிற்று. பின்னால் அதே எழுத்து, மெதுவா வாங்க. ஓட்டியது அவர்தான். ஆனால் முன் கண்ணாடியில் மகள் பெயர் இல்லை. சுரண்டிய தழும்பு மட்டும். அதன் மேல் நீல எழுத்தில் வேறு யாருடைய பெயரோ.

வாட்ச்மேனின் பேரப்பிள்ளை அந்த வேனில்தான் போகிறது. அவர் சொன்னார்: ஒரு வாரத்துக்கு முன் வேனை விற்றுவிட்டாராம். வாங்கியவன் பத்து வேன் வைத்திருக்கிறவன். இவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டான். "பொண்ணுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டுல வாசல்ல வண்டி நிக்கணும்னு கேட்டாங்களாம். கார் புக் பண்ணியிருக்காரு" என்றார்.

நான் நூற்று நாற்பது விரிப்பு மடித்தேன். பிறகு பார்த்தபோது நோட்டில் நூற்று இருபது என்று எழுதியிருந்தேன். சுருட்டை "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றான்.

நான் சொன்னது கேலி. ஆனால் அவர் காதில் அது எப்படி விழும்? நாத்தனார் "எதுவும் கேட்கலை" என்றதும், நான் வேனைத் தட்டி வாசலில் நிறுத்தச் சொல்கிறேன். ரெண்டு பஸ் மாறுகிற பையனின் அம்மா என்ன செய்தாரோ, அதைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார், நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். எதில் பயம் அதிகம்? சிரித்துக்கொண்டு கேட்பவளிடம் மறுத்துப் பேசக் கூட முடியாதே.

உடனே போன் செய்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

போன் செய்யவில்லை. நாத்தனாரிடம் சொன்னேன். "நீயா வாயைத் திறந்து வேணாம்னு சொல்லிட்டு, நாளைக்கு சின்னதுக்கு என்ன பண்ணுவே? அவங்களா கொடுக்குறாங்க. பேசாம இரு" என்றார்.

மார்ச் 25, புதன்

போன் செய்யவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்றும் இல்லை. போன் எண்ணை எடுத்து வைத்துக்கொள்கிறேன். சின்னது ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பழைய பையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், அவளைப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். இருபத்தாறு வயசு. இந்த இடமும் போனால்?

எனக்கு நானே பிடிக்காமல் போன நாள் இது என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

சின்னதுக்குத் தெரிந்துவிட்டது. நாத்தனார் அவளைத் தேற்றுவதாக நினைத்து, உன் கல்யாணத்துக்கு வழி பிறந்துவிட்டது என்று போனில் சொல்லியிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அவங்க அப்பா வேனை வித்த காசுலதான் என் மாப்பிள்ளை பஸ் மாறாமப் போகப் போறாரா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கேலி பண்ணிடாதேம்மா" என்றாள்.

உள்ளே போய் முகம் கழுவினேன். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். ரெண்டு வாரமாகத் தாளில் எழுதிக்கொண்டிருந்த மனிதர், அந்தத் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை போவோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மார்ச் 29, ஞாயிறு

நாங்கள் ரெண்டு பேர் மட்டும் போனோம். வாசலில் வேன் இல்லை. எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது.

நான் சொன்னேன். நேராகச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது வெறும் கேலி, எனக்கு வண்டி வேண்டாம், நகை வேண்டாம், புக் செய்ததை ரத்து செய்யுங்கள், வேனைத் திரும்ப வாங்குங்கள் என்றேன்.

அவர் நம்பவில்லை.

அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் நாற்பத்தொன்பது வயசில், நான் கேலியாகச் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள், நிஜமாகச் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. அவர் கைகூப்பினார். "பெருந்தன்மையாச் சொல்றீங்க. ஆனா காரு பத்தலைன்னா சொல்லிடுங்கம்மா, இன்னும் எப்படியாவது பார்க்கிறேன்" என்றார். வேண்டாம் என்றால் போதாது என்று அர்த்தமாம். அவர் தங்கைக்கு அப்படித்தான் நடந்ததாம். மாப்பிள்ளை வீடு மூன்று தடவை வேண்டாம் என்றது, மூன்று தடவையும் தொகை ஏறியது. ஒன்றுமில்லாமல் போனவள் என்று நாளைக்கு உங்கள் நாத்தனாரே சொல்வார், அதைக் கேட்க மகளை அனுப்ப மாட்டேன் என்றார். அந்தக் காலி மூலை எனக்குத் தெரியுமே.

அப்போது அவள் அம்மா முதல் தடவையாக வாய் திறந்தார். "கார் வந்தா அதை ஓட்டப் பெட்ரோல் யாருங்க போடுவாங்க? இவர் சம்பளத்துல எங்க வீட்டுல அரிசியே போட முடியலை." அதில் கோபம் கூட இல்லை.

உள்ளே இருந்து கண்ணாடி வந்தாள்.

"அத்தை, உங்க மேல கோபமில்லை" என்றாள். அத்தை என்றுதான் சொன்னாள். "நீங்க கேலிக்காரின்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே அவர்கிட்ட கேட்டேன், அத்தை நிஜமாவா கேட்டாங்கன்னு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பாவை நானே தடுத்திருப்பேன். கேட்டுச் சொல்றேன்னாரு. மூணு வாரமாச்சு. கேட்டாரா?"

என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"அப்பா சம்பளத்துக்கு வண்டி ஓட்டுறாரு. அதைப் பார்த்துக்கிட்டு உங்க வீட்டுல வந்து நான் எப்படிச் சிரிக்கிறது? வேணாம் அத்தை."

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் என் பையை வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 1, புதன்

பெரியவனை உட்கார வைத்துக் கேட்டேன். ஏண்டா கேட்டுச் சொல்றேன்னே? ஏண்டா என்னைக் கேட்கலே?

தலை குனிந்திருந்தான். சட்டைக் காலரில் லிஃப்ட் கிரீஸ். "கேட்டா நீ இல்லைன்னு சொல்லிடுவியேன்னு பயமா இருந்துச்சும்மா" என்றான். "தங்கச்சிக்கு எங்கேருந்து வரும்னு தெரியலை. வந்தா வரட்டும்னு விட்டுட்டேன்."

அடப்பாவி. அந்தப் பொண்ணு மேல உயிரா இருந்தான், எனக்குத் தெரியும், பொய்யில்லை. ஆனா அந்த உயிருக்குப் பக்கத்துலேயே ஒரு கூட்டல் ஓடிக்கிட்டிருந்திருக்கு. எனக்கு ஓடின மாதிரியேதான். அவனைத் திட்ட எனக்கு எந்த வாய்? அவன் தங்கச்சிக்காக அவளை வித்தான், அவங்க அப்பா அவளுக்காக வேனை வித்தாரு, அந்த எழுத்தர் பையனை அவங்க அம்மா நாளைக்கு எதுக்காக விக்கிறாங்களோ. எல்லாருமே பாசத்துலதான் விக்கிறோம்.

அழுகிறான். முப்பது வயசு ஆம்பளை. தலையைத் தடவினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ரெண்டு பஸ் வீட்டார் பதில் கேட்க வந்தார்கள். நாத்தனார் புடவை மாற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். சின்னது என்னைப் பார்த்தாள். நான் அவளைக் கேட்டுக்கொண்டுதான் செய்தேன், அதை எழுதி வைக்கிறேன். காலையிலேயே கேட்டேன். "செய்ம்மா. இப்ப உன் வாய் வேணும்" என்றாள்.

பையனின் அம்மா மறுபடி ஆரம்பித்தார். வெயில் வேறு ஏறிவிட்டது, தம்பி ரெண்டு பஸ்...

"ஆமாங்க, போன தடவை நீங்க சொன்னதுலேருந்து எனக்கும் அதே கவலைதான்" என்றேன். எழுந்து போய்த் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். பஸ் பாஸ் விண்ணப்பம். "மாசாமாசம் நாங்களே எடுத்துக் கொடுத்துடறோம். ரெண்டு பஸ்ஸுக்கும் செல்லும். இஸ்திரியும் நானே போட்டுத் தரேன், தொழில்தானே."

பையன் சிரித்துவிட்டான். பாவம், அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. அவன் அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை.

போய்விட்டார்கள். சின்னது சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு கட்டத்தில் சிரிக்கவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நான் செய்தது சரிதானா? இனி யார் வருவார்?

ஏப்ரல் 12, ஞாயிறு

நாத்தனார் போனை எடுப்பதில்லை. பெரியவன், தான் வேலைக்குப் போகும் பைக்கை விற்றுவிட்டான். எங்களிடம் சொல்லவில்லை. நடந்து வந்தான், அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

முழுக் கதையும் வாட்ச்மேன் வழியாகத்தான் வந்தது. கார் ரத்து செய்தால் கம்பெனி ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளுமாம். வேனை வாங்கியவனும் திரும்பத் தர மேலே கொஞ்சம் கேட்டானாம். அந்த ரெண்டு பள்ளத்தையும் பெரியவன் பைக் காசால் நிரப்பியிருக்கிறான். வேன்காரர் முதலில் வாங்க மறுத்தாராம். மாப்பிள்ளை வீட்டுக் காசு என்று இல்லை, இனி அவன் மாப்பிள்ளையே இல்லை என்று.

"மாப்பிள்ளையா வரலை. இது எங்கம்மா வாய்க்கு அபராதம். வாங்கிக்கிட்டா எங்க வீட்டுல நான் நிம்மதியாச் சாப்பிடுவேன்" என்றானாம் இவன்.

அதற்கு வேன்காரர் சிரித்தாராம். வாட்ச்மேன் சொன்னார்.

என் வாயை வைத்து என் பிள்ளையும் கேலி செய்யக் கற்றுக்கொண்டான்.

மே 6, புதன்

நாத்தனார் வந்தார். டீ குடித்தார். போகும்போது, "பஸ் பாஸை எங்க மாமியாருக்கு யாராச்சும் அப்படிக் கொடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவை அவர் பையில் திணித்தேன்.

ஜூன் 17, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலையில் வேன் போயிற்று. முன் கண்ணாடியில் சிவப்பு எழுத்து புதிதாக, கொஞ்சம் கோணலாக. வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். எனக்கா, முன்னால் போன மாட்டுக்கா, தெரியவில்லை.

சின்னதைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கூரியர் ஆபீசில் அவளுக்குக் கீழே இப்போது ரெண்டு பேர் வேலை செய்கிறார்கள். என்னை அதட்டுவது போலவே அவர்களையும் அதட்டுகிறாள் போலிருக்கிறது.

பெரியவன் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறான். சட்டை கசங்குகிறது. நேற்று அவனே ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஏண்டா இவ்வளவு சீக்கிரம் என்றேன். முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது லேட் என்றான்.

எனக்கும் அந்த வழி தெரியும். முதல் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டாவதற்கு நிற்கிற இடம் கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே.

கேலி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, அவனுக்குக் காலரை மட்டும் சரி செய்துவிட்டேன்.